எல்.சி. திறந்தாச்சு, டாலர் யார் தலையில்?

2013 மே மாதத் தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 54 ரூபாய். அமெரிக்க மத்திய வங்கி தன் கடன்பத்திரக் கொள்முதலைக் குறைக்கலாம் என்ற பேச்சு அந்த மாதக் கடைசியில் எழுந்தது. டாலர்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தொடங்கின. ஆகஸ்ட் 28 அன்று ரூபாய் அதுவரை காணாத சரிவைக் கண்டு, டாலருக்கு 68 ரூபாயைத் தாண்டியது. அந்த நான்கு மாதங்களில் வெளிநாட்டு நாணயத்தில் எல்.சி. திறந்துவிட்டுக் காத்திருந்த இறக்குமதியாளர்களுக்கு அது மறக்க முடியாத பாடம்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை என்று வைத்துக்கொள்வோம். ஆலை கற்பனை, டாலரின் போக்கு மட்டும் அன்று நடந்தது. மெல்லிய ரக நூலுக்கு நீண்ட இழைப் பருத்தி வேண்டும். மே முதல் வாரத்தில் ஓர் அமெரிக்க வியாபாரியோடு 1,00,000 டாலருக்கு விலை பேசி முடிக்கிறார்கள். அன்றைய கணக்கில் 54 லட்சம் ரூபாய். நூலின் விற்பனை விலையையும் அதை வைத்தே போடுகிறார்கள்.

முதல் ஆபத்து இங்கேயே பிறந்துவிடுகிறது. வங்கி இன்னும் காட்சிக்கே வரவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து ஆலைக்கு டாலரில் ஒரு கடமை இருக்கிறது, வருமானமோ ரூபாயில். இந்த இடைவெளிதான் நாணய மாற்று ஆபத்து. விற்பவருக்கு இது இல்லை. அவர் செலவும் டாலர், வரவும் டாலர். இதே பருத்தியை எகிப்திலிருந்து டாலரில் வாங்கியிருந்தால் கதை வேறு. எகிப்து வியாபாரியும் தன் நாட்டுப் பவுண்டுக்கும் டாலருக்கும் நடுவே தனக்கென ஓர் ஆபத்தைச் சுமந்திருப்பார்.

மே மாத நடுவில் ஆலை தன் வங்கிக்குப் போய் எல்.சி. திறக்கச் சொல்கிறது. சரக்குக் கப்பலில் ஏறிய நாளிலிருந்து 60 நாள் கழித்துப் பணம் தருவதாகத் தவணை எல்.சி. விற்பவர் எல்.சி.யில் கேட்டபடி ஆவணங்களைக் கொடுத்தால் 1,00,000 டாலர் கிடைக்கும் என்று வங்கி வாக்களிக்கிறது. வாங்குபவர் கைவிரித்தாலும் பணம் வரும் என்பதே விற்பவருக்கு இதில் கிடைக்கும் பாதுகாப்பு.

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எல்.சி. திறந்த அன்றைய டாலர் விலையில் கணக்கு நின்றுவிட்டது என்று நினைக்கிறார்கள். வங்கி அன்று ஒரு விலையைப் போட்டுப் பார்ப்பது உண்மைதான். ஆலைக்கு ஒதுக்கிய எல்.சி. வரம்பில் எவ்வளவு போகும், எவ்வளவு மார்ஜின் பிடிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கணக்கு. 55 ரூபாய் வீதம் 55 லட்சம், அதில் 10 சதவீத மார்ஜின் என்றால் ஐந்தரை லட்சம் வைப்புத்தொகை. ஆனால் ஆலை வங்கிக்கு எழுதிக் கொடுத்த உறுதி டாலரில் இருக்கிறது. வங்கி எத்தனை டாலர் கொடுக்கிறதோ, அதைப் பணம் கொடுக்கும் நாளின் விலையில் ஆலை ஈடுகட்ட வேண்டும். ஆபத்து ஆலையிடமிருந்து அணுவளவும் நகரவில்லை.

வங்கிக்குக் கவலையே இல்லை என்பதல்ல. டாலர் 60 ஆனதும் 55 லட்சமாக இருந்த பொறுப்பு 60 லட்சமாகிறது. கையில் இருக்கும் மார்ஜினோ ரூபாயில், அதே ஐந்தரை லட்சம். ஆலை நொடித்துப்போனால் வங்கி இழக்கப்போகும் தொகை தானாகவே பெருக்கிறது. அதனால்தான் ரூபாய் சரியும் காலத்தில், புதிதாக எதுவும் வாங்காத வாடிக்கையாளரையும் கூப்பிட்டுக் கூடுதல் மார்ஜின் கேட்கிறார்கள்.

ஜூன் 29 அன்று பருத்தி கப்பலேறுகிறது என்று கொள்வோம். பில் ஆஃப் லேடிங்கில் அந்தத் தேதி விழுகிறது. 60 நாள் கூட்டினால் ஆகஸ்ட் 28. ஆவணங்கள் வந்ததும் அவற்றைச் சோதிக்க வங்கிக்கு அதிகபட்சம் ஐந்து வங்கி வேலைநாட்கள் என்கிறது, 2007 முதல் நடைமுறையில் இருக்கும் யு.சி.பி. 600 என்ற சர்வதேச விதித்தொகுப்பு. விலைப்பட்டியல் எல்.சி.யின் அதே நாணயத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். வங்கி பார்ப்பது காகிதங்களை மட்டுமே. பருத்தியையோ டாலர் விலையையோ அல்ல.

டாலர் ஏறும்போது ஆவணத்தில் குறை தேடும் ஆசை இறக்குமதியாளருக்கு வருவது இயல்பு. தேதி தவறியிருந்தாலோ ஒரு சான்றிதழ் இல்லாவிட்டாலோ மறுக்க இடம் உண்டு. ஆவணங்கள் சரியாக இருந்தால், ஆலை என்ன சொன்னாலும் வங்கி கொடுத்தே ஆக வேண்டும். நம் கதையில் ஆவணங்கள் சரி. வங்கி ஏற்றுக்கொண்டு, ஆகஸ்ட் 28-இல் தருவதாகச் சொல்லிவிட்டது. ஆலை சரக்கை எடுத்து நூற்கவும் தொடங்கிவிட்டது.

கெடு நாளும் வந்தது. டாலர் 68.50 என்று வைத்துக்கொண்டால் 68.5 லட்சம் ரூபாய். மே மாதக் கணக்கைவிட 14.5 லட்சம் கூடுதல். ஆலையில் அவ்வளவு பணம் இல்லாவிட்டாலும் வங்கி டாலரைக் கொடுத்துவிடும்; பிறகு அந்த டாலர் கடனை அன்றைய விற்பனை விலையில் ரூபாய்க் கடனாக மாற்றிக் கணக்கில் எழுதிவிடும். வங்கிக்காரர்கள் இதைக் கிரிஸ்டலைசேஷன் என்பார்கள். தவணை இல்லாத, பார்த்ததும் பணம் தர வேண்டிய பில்லானால், ஆவணம் வங்கிக்கு வந்த பத்தாம் நாளில் இது நடப்பது இந்திய வழக்கம்.

அந்தக் கணத்தோடு நாணய ஆபத்து முடிகிறது, வட்டி தொடங்குகிறது. முடிவதும் நல்லதற்கல்ல. செப்டம்பரில் ரூபாய் மீண்டு, டாலர் 62 ரூபாய்க்குப் பக்கத்தில் இறங்கியது. ஆலைக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை. அதன் கடன் 68.5 லட்சத்தில் உறைந்துவிட்டது.

இதைத் தவிர்க்க வழி இருந்தது. மே மாதம் விலை பேசிய அன்றே வங்கியிடம் முன்பேர ஒப்பந்தம் போட்டிருக்கலாம். பிரீமியம் ஆண்டுக்கு 6 சதவீதம் என்று கொண்டால், ஏறத்தாழ நான்கு மாதத்துக்கு டாலருக்கு ஒரு ரூபாய் சொச்சம் கூடும். 54-க்குப் பதில் 55 ரூபாய் சொச்சம். மொத்தச் செலவு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அப்போது ஆபத்து வங்கிக்கு மாறும். வங்கி அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டிருக்காது. வங்கிகளுக்கு இடையேயான சந்தையில் டாலர் வாங்கித் தன்னைச் சமன்செய்துகொள்ளும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கப்பல் வராமலோ, ஆவணம் நிராகரிக்கப்பட்டோ போனால் முன்பேரம் தானாகச் சாகாது. அதை ரத்துசெய்தோ தள்ளிவைத்தோ ஆக வேண்டும். வாங்கவே தேவையில்லாத டாலரை ஆலை வாங்கி வைத்த நிலை அது. அதற்குள் ரூபாய் வலுத்திருந்தால் நஷ்டம் ஆலைக்கே. கப்பல் தேதி உறுதியில்லாத சரக்குக்கு, ஒரே நாளுக்குப் பதில் ஒரு மாத இடைவெளிக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி முன்பேரம் போடுவது அதனால்தான்.

எல்.சி. என்பது 'பணம் வருமா' என்ற விற்பவரின் கேள்விக்குப் பதில். 'எத்தனை ரூபாய் ஆகும்' என்ற வாங்குபவரின் கேள்வியை அது தொடுவதே இல்லை. அந்தக் கேள்வியை வங்கியிடம் கேட்க வேண்டிய நாள் கெடு நாளும் அல்ல, எல்.சி. திறக்கும் நாளும் அல்ல. விலை பேசி முடிக்கும் நாள்.