எவ்வளவு அலைந்தது, எவ்வளவு நகர்ந்தது?

2020 மார்ச்சில் 7,610 வரை சரிந்த நிஃப்டி, 2021 அக்டோபரில் 18,400-ஐத் தாண்டியது. விலை சராசரிக்கு மேலே வந்தால் வாங்கு, கீழே போனால் விற்றுவிடு என்னும் மூவிங் ஆவரேஜ் முறை இப்படிப்பட்ட ஏற்றத்தில் நன்றாகவே வேலை செய்யும். அடுத்து 2022 வந்தது. 17,354-ல் தொடங்கிய ஆண்டு 18,105-ல் முடிந்தது. நடுவில் ஜூனில் 15,300-க்குக் கீழே இறங்கி, டிசம்பரில் 18,800-ஐத் தொட்டுத் திரும்பியது. இப்படி மேலும் கீழும் அடிக்கும் சந்தையில் அதே முறை உச்சத்தில் வாங்கவைத்துப் பள்ளத்தில் விற்கவைக்கும். ஒவ்வொரு நஷ்டமும் சிறியதுதான். ஆனால் தரகுக் கட்டணத்தோடு சேர்ந்து கையைக் கடிக்கும்.

எந்தச் சந்தையில் நிற்கிறோம் என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்கரான பெர்ரி காஃப்மன் பிரபலப்படுத்தியது. பத்து நாளில் விலை நிகரமாக எவ்வளவு நகர்ந்தது என்பதை, அந்தப் பத்து நாளின் தினசரி ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். கூட்டும்போது இறக்கத்தையும் ஏற்றம்போலவே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பங்கு 500 ரூபாயில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தினசரி மாற்றம்: +6, +4, -2, +5, -1, +4, +3, -2, +5, -2. நிகர நகர்வு 20, மொத்த அலைச்சல் 34, விகிதம் 0.59. இன்னொரு பங்கு: +12, -9, +10, -14, +8, -6, +11, -10, +9, -7. நிகரம் வெறும் 4, அலைச்சலோ 96, விகிதம் 0.04. தினமும் அதிகம் துள்ளுவது இரண்டாவது பங்குதான். அந்தத் துள்ளலைப் பார்த்துத்தான் பலர் உள்ளே போகிறார்கள்.

எத்தனைக்கு மேல் இருந்தால் போக்கு இருக்கிறது என்று சொல்லலாம்? தலை விழுந்தால் ஒரு ரூபாய் ஏற்றம், பூ விழுந்தால் ஒரு ரூபாய் இறக்கம் என்று நாணயத்தைப் பத்து முறை சுண்டினாலே சராசரியாக 0.25 வந்துவிடும். ஆகவே பத்து நாள் கணக்கில் 0.3 வந்தால் அது ஒன்றையும் நிரூபிப்பதில்லை. இருபது முறை சுண்டினால் சராசரி 0.18-ஆகக் குறையும். நாள் எண்ணிக்கையை மாற்றினால் அளவுகோலும் மாறுகிறது. இதைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே எல்லையை வைப்பவர்கள்தான் அதிகம்.

இந்தக் கணக்கு ஏமாறும் இடமும் உண்டு. காலாண்டு முடிவு வந்த அன்று பங்கு ஒரே தாவலில் 40 ரூபாய் ஏறி, மற்ற நாட்களில் ஓரிரு ரூபாய் அசைந்து கிடந்தாலும் விகிதம் 0.7-க்கு மேல் காட்டும். மிகப் பெரிய ஒரு நாளை நீக்கிவிட்டு மறுபடி வகுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

தாமதம் மட்டும் தீராத குறை. போக்கு முறிந்த முதல் மூன்று நான்கு நாட்களில் கணக்குக்குள் பழைய விலைகளே அதிகம் இருக்கும். அதனால் விகிதம் சரியும்போது முழுதாக வெளியேறாமல், வாங்கும் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.