கடல் கடக்கும் மண்சாடிகள்: உடையாமல் பொதி செய்வது எப்படி?

வன்னியில் நான் பணியாற்றும் மகளிர் குழு ஒன்று மூடியுடன் கூடிய சிறிய மண்சாடிகளையும் வர்ணம் தீட்டிய கண்ணாடிப் போத்தல்களையும் செய்து வருகிறது. தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்களே இக்குழுவில் அதிகம். டொரன்டோவில் வாழும் உறவினர் ஒருவர் மூலம் 12 சாடிகளுக்கு இவர்களுக்கு முதல் ஓடர் கிடைத்தது. கடையில் வாங்கிய பெரிய பெட்டி ஒன்றில், பத்திரிகைத் தாளில் சுற்றி, 12 சாடிகளையும் அடுக்கி அனுப்பினார்கள். பெட்டியின் நான்கு பக்கமும் "உடையக்கூடியது" என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியும் இருந்தார்கள். அங்கே பெட்டியைத் திறந்தபோது 7 சாடிகள் உடைந்திருந்தன. களிமண்ணுக்கும் விறகுக்கும் தபாலுக்கும் செலவிட்ட பணம் திரும்பவில்லை.

ஓடர் கொடுத்தவர் உடைந்த சாடிகளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அந்தப் படங்களை வைத்துக்கொண்டு நாம் குழுவாக இருந்து பேசினோம். உடைந்த 7 சாடிகளும் ஒரே விதமாக உடையவில்லை. மூன்றில் காது மட்டும் முறிந்திருந்தது. அருகருகே இருந்த இரண்டு, ஒன்றையொன்று தொட்ட இடத்தில் சில்லுத் தெறித்திருந்தன. மற்ற இரண்டின் அடிப்பகுதி பிளந்திருந்தது. ஒவ்வொரு உடைவுக்கும் ஒவ்வொரு காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரியும்.

அடி ஏன் பிளந்தது?

தபாற் பொதி கைமாறும் இடங்கள் பல. ஒரு லொறியிலிருந்து இன்னொன்றுக்கு ஏறும், ஓடும் பட்டியில் போகும், மேலே வேறு பொதிகள் விழும். இடுப்பளவு உயரத்திலிருந்து கீழே விழுவது அதற்குச் சாதாரண விடயம். பெட்டியில் எழுதிய எச்சரிக்கையை இயந்திரம் வாசிப்பதில்லை. ஆகவே பெட்டி விழும் என்று எண்ணியே பொதி செய்ய வேண்டும்.

சீமெந்துத் தரையில் விழுந்தால் அடிபடுகிறோம், மணற்குவியலில் விழுந்தால் தப்பிக்கொள்கிறோம். மணல் அமிழ்ந்து, நாம் நிற்பதற்குக் கொஞ்சத் தூரம் தருகிறது. பெட்டிக்குள் இருக்கும் மெத்தையின் வேலையும் இதுவே. 75 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழும் சாடிக்குக் கால் சென்ரிமீற்றர் மட்டுமே அமிழ இடமிருந்தால், அதன் மீது விழும் தாக்கம் அதன் எடையைப்போல் ஏறக்குறைய 300 மடங்காகும். இரண்டரை சென்ரிமீற்றர் அமிழ இடமிருந்தால் அது ஏறக்குறைய 30 மடங்காகக் குறையும்.

எமது குழு பெட்டியின் அடியில் போட்டிருந்தது இரண்டு மடிப்புப் பத்திரிகைத் தாள். அதில் அமிழ இடமே இல்லை. அதனால் சாடிக்கும் பெட்டியின் ஆறு பக்கங்களுக்கும் இடையே குறைந்தது 5 சென்ரிமீற்றர் மெத்தை இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அடிக்கும் மூடிக்கும் இதே அளவுதான்.

மெத்தையின் மென்மையையும் கவனிக்க வேண்டும். தையல் கடைகளிலும் கதிரை செய்யும் இடங்களிலும் கிடைக்கும் பஞ்சு ஸ்பொஞ்ச் துண்டுகள் நல்லவை. ஆனால் சாடியை அதன் மீது வைத்ததும் ஸ்பொஞ்ச் பாதிக்கு மேல் அமிழ்ந்தால் அது மிக மென்மையானது. விழும்போது சாடி தரையைத் தட்டிவிடும். சற்றும் அமிழாவிட்டால் அது மிகக் கடினமானது. சற்றே அமிழ்ந்து, எடுத்ததும் பழைய நிலைக்கு வர வேண்டும். தொலைக்காட்சி, மின்விசிறிப் பெட்டிகளில் வரும் ரெஜிபோம் தட்டுகளையும் வெட்டிப் பயன்படுத்தலாம். ஒரு முறை நசுங்கிய ரெஜிபோம் மீண்டும் எழும்பாது, அதை ஒதுக்கிவிடுங்கள்.

பத்திரிகைத் தாளைத் தட்டையாக மடித்துப் போட்டால் பயனில்லை. ஒவ்வொரு தாளாகக் கசக்கி உருண்டையாக்கி இறுக்கமாக நிரப்ப வேண்டும். வாரக்கணக்கான பயணத்தின் குலுக்கலில் தாள் படிந்துவிடும். ஆகவே மூடியைச் சாத்தும்போது சற்று அழுத்தித்தான் சாத்த வேண்டும் என்ற அளவுக்கு நிரப்புங்கள்.

காது ஏன் முறிந்தது?

சாடி உருண்டையானது, காது மெல்லியது. சாடியைச் சேர்த்துச் சுற்றிவிட்டால் காதுக்கும் உடலுக்கும் இடையே வெற்றிடம் நிற்கும். வெளியிலிருந்து வரும் அழுத்தம் முழுவதையும் காதே தாங்கும். எனவே சுற்றுவதற்கு முன்பே அந்த இடைவெளியைக் கசக்கிய மெல்லிய தாளால் நிரப்ப வேண்டும். காதுக்கு மேலேயும் ஒரு சுருள் தாளை வைத்து, சாடி முழுவதும் ஒரே உருண்டை வடிவம் பெறும்படி செய்யுங்கள். சாடியின் உட்புறத்தையும் தாளால் நிரப்பலாம். ஆனால் இடித்துத் திணிக்கக் கூடாது, உள்ளிருந்து அழுத்தினாலும் மண் வெடிக்கும்.

மூடியைச் சாடியின் மேல் வைத்து அனுப்பவே கூடாது. அதைத் தனியே சுற்றி, சாடிக்கு மேலே வைக்க வேண்டும்.

ஒன்றோடொன்று ஏன் மோதின?

மண்ணும் மண்ணும் தொட்டால் இரண்டும் கெடும். காற்றுக் குமிழிகள் கொண்ட பொலித்தீனை நாம் பபிள் ஷீற் என்கிறோம். ஒவ்வொரு சாடியையும் முதலில் மெல்லிய வெள்ளைத் தாளிலும், அதன்மேல் குமிழிகள் உட்புறம் பார்க்கப் பபிள் ஷீற்றில் இரண்டு சுற்றும் சுற்றுங்கள். வெள்ளைத் தாளை விட்டுவிடாதீர்கள். பத்திரிகை மை பூச்சற்ற மண்ணில் ஊறிவிடும். வர்ணம் தீட்டிய போத்தலில் பபிள் ஷீற் நேரே பட்டால், முழுதாகக் காயாத வர்ணத்தில் குமிழி வட்டங்கள் பதிந்துவிடும். வர்ணம் தொட்டால் ஒட்டாதிருப்பது போதாது. நகத்தால் அழுத்திப் பார்த்துத் தடம் விழாத பின்பே சுற்றுங்கள்.

ஒரே பெட்டியில் பல சாடிகள் போகுமானால், காட்போட் மட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிச் செருகி அறைகள் செய்யுங்கள். ஒரு அறைக்கு ஒரு சாடி மட்டும்.

ஒரு சாடியின் பொதி

நாம் அளந்து செய்த பொதியைச் சொல்கிறேன். சாடி 12 சென்ரிமீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர் உயரம். மூடியுடன் எடை 700 கிராம். சுற்றிய பின் அதற்கும் மூடிக்கும் 17 சென்ரிமீற்றர் நீள அகலமும் 20 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட உட்பெட்டி சரியாக அமைந்தது. அதைச் சுற்றி 5 சென்ரிமீற்றர் மெத்தை வைக்க, வெளிப்பெட்டி 27 சென்ரிமீற்றர் நீள அகலமும் 30 சென்ரிமீற்றர் உயரமும் ஆனது. பெட்டிக்குள் பெட்டி வைத்தால் வெளிப்பெட்டியின் மூலை நசுங்கினாலும் உட்பெட்டிக்குத் தாக்கம் போகாது.

வெளிப்பெட்டியின் மட்டை ஓரத்தை வெட்டிப் பாருங்கள். ஒரு வரிசை நெளிவு மட்டும் தெரிந்தால் அது மூன்றடுக்கு. இரண்டு வரிசை தெரிந்தால் ஐந்தடுக்கு. கடல் கடந்து போக ஐந்தடுக்கே நல்லது. மழையில் நனைந்து காய்ந்த பெட்டி பார்வைக்கு நன்றாயிருந்தாலும் பலமிழந்திருக்கும். மார்கழி மழைக்காலத்தில் மட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மீது அடுக்குங்கள். சாடியும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு பொலித்தீனில் சுற்றினால் போய்ச் சேரும்போது பூஞ்சணம் பிடித்திருக்கும்.

வழக்கமாக நாம் பானை சட்டிகளை வைக்கோலில் அடுக்கித்தான் வண்டியில் ஏற்றுவோம். வெளிநாட்டுப் பொதிக்கு வைக்கோல், உமி, தும்பு மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பூச்சியும் விதையும் போகும் என்பதால் பல நாடுகள் தடுக்கின்றன. அவுஸ்திரேலியா இதில் மிகக் கண்டிப்பானது. முட்டைத் தட்டுகளையும் பழம், மரக்கறி, இறைச்சி வந்த பெட்டிகளையும்கூட அங்கு அனுப்பக் கூடாது.

பெட்டியின் நடுக் கோட்டிலும் இரு ஓரங்களிலும் அகலமான கபில நிற ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். மேலும் கீழும் இப்படியே. சுங்கத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பதுண்டு. அவர்கள் எடுத்த பொருளைத் திரும்ப அதே இடத்தில் வைக்க இலகுவாக, எல்லாவற்றையும் ஒட்டுநாடாவால் சுற்றிக் கட்டாமல் உட்பெட்டியை மட்டும் எடுத்து வைக்கக்கூடியதாக விடுங்கள். முகவரி எழுதிய ஒரு தாளையும் உள்ளே வையுங்கள்.

போட்டுப் பாருங்கள்

பொதியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். ஏதாவது அசையும் ஓசை கேட்டால் மீண்டும் திறந்து நிரப்புங்கள். இதில் தேறிய பின்பே அடுத்த சோதனை.

பொதிகளைச் சோதிப்பதற்கென்றே இயங்கும் அனைத்துலகச் சங்கம் ஒன்று, 10 கிலோவுக்குக் குறைந்த பெட்டிக்கு 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து பத்து வீழ்ச்சிகளை வகுத்திருக்கிறது. ஒரு மூலையில் ஒரு முறை, அந்த மூலையில் சேரும் மூன்று ஓரங்களில் ஒவ்வொரு முறை, ஆறு பக்கங்களிலும் ஒவ்வொரு முறை. சாதாரண மேசை உயரம் ஏறக்குறைய இதுதான். எமது குழு சற்றுக் கோணலான, விற்க முடியாத சாடி ஒன்றைப் பொதி செய்து இப்படிப் போட்டுப் பார்த்தது. சாடி தப்பியது, மூடியில் கீறல் விழுந்தது. மூடியைச் சாடியின் மேல் நேரே வைத்ததே காரணம் என்று கண்டு, இடையில் ஒரு ஸ்பொஞ்ச் துண்டு வைத்தார்கள். அடுத்த பத்து வீழ்ச்சியிலும் இரண்டும் தப்பின. இந்தச் சோதனை ஒவ்வொரு பொதிக்கும் தேவையில்லை. புதிய பொருளோ புதிய பெட்டியோ மாறும்போது மட்டும் செய்யுங்கள்.

பெட்டியின் விலையும் விலைதான்

பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் பருமனையும் கணக்கிடுகின்றன. நீள, அகல, உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பார்கள். மேலே சொன்ன பொதி தராசில் ஏறக்குறைய 1.6 கிலோ. ஆனால் இந்தக் கணக்கில் அது 4.4 கிலோ ஆகிறது. எது கூடுதலோ அதற்கே கட்டணம். நான்கு சாடிகளை அறைகள் கொண்ட ஒரே பெட்டியில் அனுப்பினால், வெளிப்பெட்டி 45 சென்ரிமீற்றர் நீள அகலமும் 30 சென்ரிமீற்றர் உயரமுமாகி, ஒரு சாடிக்கு ஏறக்குறைய 3 கிலோ விழும். ஆகவே ஓடரைப் பொறுப்பேற்கும் முன் பெட்டியை அளந்து, தபாற் கந்தோரிலும் கூரியரிலும் கட்டணத்தைக் கேட்டு, மெத்தை, பெட்டி, ஒட்டுநாடாச் செலவோடு சேர்த்தே விலை சொல்லுங்கள். மெத்தையைக் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள்; முதலில் உடைவது அதுவே.

பொதி செய்யும் ஒவ்வொரு படியையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பொருள் உடைந்து இழப்பீடு கேட்க நேர்ந்தால், ஒழுங்காகப் பொதி செய்தீர்களா என்பதே முதல் கேள்வியாக வரும். வாங்குபவரிடமும் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: உடைந்திருந்தால் எதையும் வீசாமல், பெட்டியையும் உடைந்த துண்டுகளையும் படம் எடுத்து அனுப்பட்டும். அடுத்த பெட்டியில் எதைத் திருத்த வேண்டும் என்பதை அந்தத் துண்டுகளே காட்டித் தரும்.