தடவ வேண்டாம், தொட்டால் போதும்

சர்க்கரை பார்க்கும் கருவியின் ஆங்கிலக் கையேடு, ஸ்ட்ரிப்பில் ரத்தத்தை ‘அப்ளை’ செய்யச் சொல்கிறது. அதைத் ‘தடவவும்’ என்று தமிழாக்கினால், பாட்டி தைலம் போலவே மேலே தடவிவிடுவார். இன்றைய ஸ்ட்ரிப்புகளில் பெரும்பாலானவை நுனியிலோ ஓரத்திலோ உள்ள சிறு வாய் வழியாக ரத்தத்தைத் தாமே உறிஞ்சுபவை. மேலே தடவினால் திரையில் பிழைதான் வரும். விலை கொடுத்து வாங்கிய ஸ்ட்ரிப் வீண்.

நுனியில் உறிஞ்சும் ஸ்ட்ரிப்புக்கு நான் இப்படி எழுதுவேன்: “கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈரம் போகத் துடையுங்கள். ஸ்ட்ரிப்பைக் கருவியில் செருகுங்கள். திரையில் சொட்டுப் படம் வந்ததும் விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். துளி திரண்டதும் ஸ்ட்ரிப்பின் நுனியால் அதைத் தொடுங்கள். எண்கள் ஓடத் தொடங்கும்வரை எடுக்காதீர்கள்.” ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலைதான். கழுவுவதற்குக் காரணமும் சேர்ப்பேன்: மாம்பழம் தொட்ட விரலில் ஒட்டிய இனிப்பு, அளவைக் கூட்டிக் காட்டும்.

திரையில் வரும் Lo என்பதை மொழிபெயர்க்கவே கூடாது. கண்ணில் படுவது அந்த எழுத்துகள்தான். அதைப் பேட்டரி தீர்ந்ததாக நினைப்பவர்கள் உண்டு. அது, கருவியால் அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதென்ற எச்சரிக்கை. பல கருவிகளில் 20 மில்லிகிராமுக்கும் கீழே.