சிறிய வீட்டுக்கு ஆள் கணக்கும் நாள் கணக்கும்

வீடு கட்டும்போது கூலிச் செலவையும் கட்டி முடிக்கும் காலத்தையும் தீர்மானிப்பவை இரண்டு தனித்தனிக் கணக்குகள். வேலையின் அளவை, ஒரு கொத்தனார் ஒரு நாளில் செய்யக்கூடிய அளவால் வகுத்தால் ஆள் நாள் கிடைக்கும். கூலி அதைப் பொறுத்தது. வேலை எந்தத் தேதியில் முடியும் என்பதற்கு, கான்கிரீட் இறுகக் காத்திருக்கும் நாட்களையும் சேர்க்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான வீடுகளின் கிரகப்பிரவேசத் தேதி தள்ளிப்போகிறது.

எடுத்துக்காட்டாக, 20 அடிக்கு 30 அடியில், அடித்தளம் முடிந்த ஒரு தரைத்தள வீட்டைப் பார்க்கலாம். வெளிச்சுவர்களும் நடுவில் குறுக்காக ஒரு சுவரும் 9 அங்குலம். உயரம் 10 அடி. குளியலறை போன்றவற்றைப் பிரிக்க 25 அடி நீளத்துக்கு நாலரை அங்குலச் சுவர். கதவு, ஜன்னல், லிண்டல் ஆகியவற்றைக் கழித்தால் 9 அங்குலச் சுவர் ஏறத்தாழ 736 கன அடி வரும். நாலரை அங்குலச் சுவர் சுமார் 200 சதுர அடி.

ஒரு கொத்தனார் ஒரு நாளில் தரைத்தளச் சுவரில் ஒரு கன மீட்டர், அதாவது 35 கன அடி கட்டுவார் என்று இந்திய மதிப்பீட்டுப் பாடநூல்கள் கணக்கிடுகின்றன. செங்கல் எண்ணிக்கையில் அது சுமார் 500. நாலரை அங்குலச் சுவரானால் 5 சதுர மீட்டர், அதாவது 54 சதுர அடி. இதன்படி கனத்த சுவருக்கு 21, மெல்லிய சுவருக்கு 4, ஆக 25 கொத்தனார் நாட்கள். இரண்டு கொத்தனார்கள் கட்டினால் 13 நாளில் முடியும். அவர்களுக்குக் கலவை போட ஒரு பெரியாளும், கல்லும் கலவையும் எடுத்துக்கொடுக்க இரண்டு சித்தாட்களும் வேண்டும். சித்தாளைக் குறைத்துக் கூலியை மிச்சப்படுத்த நினைப்பது நஷ்டத்தில்தான் முடியும். அதிகக் கூலி வாங்கும் கொத்தனார் கரணையுடன் கல்லுக்காகக் காத்து நிற்பார்.

இந்த 500 கல் கணக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி வராது. ஐந்தடி உயரம் வரை வேலை வேகமாக நடக்கும். சாரம் கட்டி ஏறியபின் வேகம் குறையும். ஆகவே முதல் நாளை வைத்து மதிப்பிடாமல், மூன்று நான்கு நாள் கழித்து, கட்டிய கற்களை எண்ணிச் சராசரி எடுப்பது நல்லது. சராசரி 350க்குக் கீழே போனால் கொத்தனாரைக் குறை சொல்லும் முன், கல் எவ்வளவு தூரத்தில் அடுக்கியிருக்கிறது, முன்கூட்டியே நனைத்ததா, காலையில் முதல் கலவை எத்தனை மணிக்கு வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ரூஃப் கான்கிரீட்டுக்கு இந்த வகுத்தல் முறை பொருந்தாது. 600 சதுர அடித் தளம் 5 அங்குல கனத்தில் 250 கன அடி. கொத்தனார் கணக்கில் இரண்டரை நாள் வேலைதான். ஆனால் தளத்தைப் பாதியில் நிறுத்தினால், நின்ற இடம் பின்னாளில் நீர்க் கசிவுக்கு வழியாகிவிடும். ஒரே நாளில், இடைவிடாமல் போட்டு முடித்தாக வேண்டும். அதனால் இங்கே ஆள் எண்ணிக்கையை முடிவு செய்வது மில்லரின் வேகம். ஒரு மூட்டை சிமெண்டில், ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில், சுமார் 4.4 கன அடி கான்கிரீட் கிடைக்கும். ஆக 57 மூட்டை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு மூட்டை என்றால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அந்த வேகத்துக்கு ஜல்லியும் மணலும் கொட்டவும், பாண்டுச் சட்டியில் மேலே ஏற்றவும், வைப்ரேட்டர் பிடிக்கவும், மட்டம் பார்க்கவும் மூன்று கொத்தனார்கள் உட்பட 16 பேர் வேண்டும்.

பூச்சு வேலையைத்தான் வீட்டுக்காரர்கள் மிகக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். சுவர் எழும்பிவிட்டால் வேலை பாதிக்குமேல் முடிந்ததாகத் தோன்றும்; உண்மையில் கொத்தனாரின் வேலை அதன்பின்தான் அதிகம். இந்த வீட்டில் உள்சுவர் 1,650, மேல்தளத்தின் அடிப்பக்கம் 500, வெளிச்சுவர் 1,250 சதுர அடி. ஜன்னலுக்கும் கதவுக்கும் ஒரு பக்கம் மட்டுமே கழிக்கப்பட்டிருக்கிறது. ஓரங்களைப் பூசும் வேலை மறுபக்கத்தின் கழிவை ஈடுகட்டிவிடும். உள்பூச்சு ஆளுக்கு 8 சதுர மீட்டர், அதாவது 86 சதுர அடி வீதம் 19 நாள். அண்ணாந்து பூசும் மேல்தளத்துக்கும், சாரத்தில் நின்று இரண்டு கோட் பூசும் வெளிச்சுவருக்கும் 65 சதுர அடிக்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. அவை 8, 19 நாட்கள். மொத்தம் 46. செங்கல் கட்டியதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு.

சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்காவிட்டால் இந்த 46 நாளும் போதாது. பூச்சுக்கு முன் சுவரில் ஆங்காங்கே வைக்கும் கலவைப் புள்ளிகளைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். புள்ளிகள் 12 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் கணக்கு நிற்கும். 25 மில்லிமீட்டர் வந்தால் இரண்டு தடவையாகப் பூச வேண்டும். அந்தச் சுவருக்குச் சிமெண்ட், மணலோடு கூலியும் கூடும்.

கொத்தனாருக்கு 1,100, பெரியாளுக்கு 900, சித்தாளுக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கொத்தனார் கொண்ட ஒரு குழுவின் நாள் கூலி 4,500 ரூபாய். ஊருக்கு ஊர் கூலி மாறும். அந்தந்த ஊர்க் கூலியைப் போட்டுக்கொண்டால் போதும், முறை ஒன்றுதான். கட்டுவேலை 13 நாளுக்கு 58,500 ரூபாய். பூச்சு 23 நாளுக்கு 1,03,500 ரூபாய். தளம் போடும் நாளுக்கு, ஆறு பெரியாட்களும் ஏழு சித்தாட்களும் சேர்த்து, 13,600 ரூபாய். மில்லர் வாடகை, சென்ட்ரிங், கம்பி வேலை ஆகியவை இதில் சேரவில்லை.

இனி நாள் கணக்கு. லிண்டல் வரை 9 நாள் கட்டு, லிண்டலுக்கு 4 நாள், மேல் கட்டு 4 நாள், சென்ட்ரிங்கும் கம்பியும் 6 நாள், தளம் 1 நாள், மின்குழாய்க்குச் சுவர் வெட்ட 3 நாள், பூச்சு 23 நாள்: வேலை நாள் 50. லிண்டல் இறுக 3 நாள், தளத்தின் முட்டு நிற்க 14 நாள் காத்திருக்க வேண்டும். நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு 7 நாளில் முட்டைப் பிரிக்கலாம் என்று ஐஎஸ் 456 சொல்வது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு. இன்று கடையில் அதிகம் கிடைக்கும் பிபிசி சிமெண்ட் மெதுவாகவே வலுப்பெறும். அதற்கு 14 நாள் விடுவதுதான் பாதுகாப்பு. ஞாயிறுகளையும் சேர்த்தால் மொத்தம் 75 நாள்.

அவசரத்துக்கு நான்கு கொத்தனார்களைப் போட்டால் கட்டு 7 நாளாகவும் பூச்சு 12 நாளாகவும் குறையும். ஆனால் காத்திருக்கும் 17 நாளும், சென்ட்ரிங், லிண்டல் நாட்களும் அப்படியே இருக்கும். மொத்தம் 55 நாளாகும், பாதியாகாது. ஆகவே தேதி குறிப்பவர்கள் இந்தக் கணக்கின்மேல் மழைக்கும் பண்டிகை விடுப்புக்கும் பத்து நாளாவது கூட்டிக்கொள்ள வேண்டும். வெளிப்பூச்சு ஐப்பசி, கார்த்திகையில் விழாதபடி வேலையைத் தொடங்க வேண்டும்.