மானிட்டரில் பளிச், பிரின்ட்டில் இருட்டு... போட்டோ எடிட்டிங்குக்கு டெஸ்க்டாப் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மாலை வெயிலில் ஒரு ஜோடியைப் படம் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மானிட்டரில் பளிச்சென்று இருக்கும் படம், ஆல்பத்தில் இருட்டாக வருகிறது. “லேப்ல சொதப்பிட்டாங்க” என்றுதான் முதலில் தோன்றும். ஆனால், பல நேரங்களில் பிரச்சினை எடிட் செய்த மானிட்டரில்தான் இருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது?

புது மானிட்டர்கள் பெரும்பாலும் அதிக வெளிச்சத்தோடுதான் வருகின்றன. அதனால் மங்கலான படம்கூட அதில் நன்றாகத் தெரியும். எடிட் செய்பவரும் ‘இது போதும்’ என விட்டுவிடுவார். காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாதே!

வைடு கேமட் எல்லோருக்கும் தேவையா?

சாதாரண மானிட்டர் sRGB என்ற வண்ண எல்லைக்குள் இயங்குகிறது. வைடு கேமட் மானிட்டர், அதைவிடப் பெரிய Adobe RGB எல்லையின் பெரும்பகுதியைக் காட்டும். ஏரிக்கரைச் செடிகளின் பச்சை, நீரின் நீலப்பச்சை போன்றவற்றில்தான் வித்தியாசம் அதிகம் தெரியும். தரமான பிரின்ட் போடுபவர்களுக்கு இது உதவும். இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் என்றால், sRGB-ஐ முழுதாகக் காட்டும் மானிட்டரே போதும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. வண்ண புரொஃபைலைப் படிக்காத செயலியில் சாதாரண படத்தைத் திறந்தால், வைடு கேமட் திரையில் முகம் சிவந்து தெரியும். அதை நம்பி சிவப்பைக் குறைத்தால், வாடிக்கையாளரின் போனில் முகம் வெளிறிப்போகும்.

கேலிபிரேட்டர் என்ன செய்யும்?

திரையின் மேல் தொங்கவிடும் சிறு கருவி இது. மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு இதை வைக்க வேண்டும். பிரின்ட்டுக்கு வெளிச்சம் 80 முதல் 120 நிட்ஸ், வெள்ளை 6500 கெல்வின், காமா 2.2 என வைத்துத் தொடங்கலாம். திரை காட்டும் நிறங்களைக் கருவி அளந்து ஒரு புரொஃபைலை உருவாக்கும். போட்டோஷாப், லைட்ரூம் போன்றவை அதைப் பயன்படுத்திக்கொள்ளும். மாதம் ஒருமுறை திரும்ப அளப்பது நல்லது. ஆனால், திரையால் காட்டவே முடியாத நிறத்தை எந்தக் கருவியாலும் வரவழைக்க முடியாது.

ரேம் எவ்வளவு?

24 மெகாபிக்சல் படத்தை 16 பிட்டில் திறந்தால், ஒரு முழு லேயருக்கே சுமார் 144 எம்பி ஆகும். பத்து லேயர் என்றால் கிட்டத்தட்ட 1.4 ஜிபி. அன்டூ செய்ய வைத்திருக்கும் பழைய நிலைகள், லைட்ரூம், பிரவுசர் எல்லாம் தனி. 16 ஜிபியில் தொடங்கலாம். 32 ஜிபி இருந்தால் நிம்மதி. போட்டோஷாப்பின் கீழ்ப்பட்டையில் Efficiency என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அது அடிக்கடி 100%-க்குக் கீழே இறங்கினால் ரேம் பத்தவில்லை என்று அர்த்தம்.

பட்ஜெட் இடித்தால் முதலில் 16 ஜிபி போதும். காலி ரேம் ஸ்லாட் உள்ள மதர்போர்டாகப் பார்த்து வாங்கினால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தில் கேலிபிரேட்டர் வாங்கலாம். முழு ஆல்பத்தையும் லேபுக்கு அனுப்பும் முன், ஒரே ஒரு படத்தைச் சிறிய அளவில் பிரின்ட் போட்டுத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.