ஒரு பக்கத் திட்ட முன்மொழிவு

உள்ளுறைப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர், தாம் செய்யவிருக்கும் பணியை ஒரு பக்க அளவில் எழுதி மேற்பார்வையாளரின் இசைவைப் பெறுவதற்குரியது திட்ட முன்மொழிவு. மாவட்ட மைய நூலகம் ஒன்றில் 30 வேலைநாள் பயிற்சி பெறும் மாணவி ஒருவரைச் சான்றாகக் கொள்வோம்.

‘நூலகப் பணிகளைக் கற்றல்’ என்று அவர் எழுதினால், அது நிறைவேறியதா என்பதை இறுதிநாளில் எவராலும் கூற இயலாது. ‘உள்ளூர் வரலாற்று நூல்களின் விவரங்களைக் கணினிப் பட்டியலில் ஏற்றுதல்’ என்பதோ அளக்கத்தக்கது. எத்தனை நூல்கள்? இதற்கு ஊகம் உதவாது. எழுதுமுன் ஒரு மணிநேரம் பதிந்து பார்க்கிறார். எட்டு நூல்கள் முடிகின்றன. நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் எனில் 32 நூல்கள். முப்பது நாளுக்கு 960 என்று எழுதிவிடத் தோன்றும். பிழைதிருத்தத்திற்கு ஐந்து நாள் ஒதுக்கினால், எஞ்சிய 25 நாளில் 800 நூல்களே இயலும். அவ்வெண்ணையே எழுதுதல் வேண்டும்.

புதிய பகுப்பெண் இடுதல் இத்திட்டத்தில் அடங்காது என்றும் ஒரு வரி தேவை. இல்லையேல் அப்பணியும் இடையில் வந்து சேரும். கணினி, ஐயம் தீர்க்கும் அலுவலர், வெள்ளிதோறும் கால்மணிநேரச் சந்திப்பு ஆகிய தேவைகளையும் குறிக்கலாம்.

திருத்தம் ஏதுமின்றிக் கையொப்பம் கிடைத்தால், பெரும்பாலும் அப்பக்கம் படிக்கப்படவில்லை என்றே கொள்ளலாம். அந்நிலையில், “காலம் போதாவிடில் எதைக் கைவிடலாம், ஐயா?” என்று மாணவி வினவுதல் நன்று. விடைகூற அவர் பக்கத்தைப் படித்தாக வேண்டும். “தாள் நொறுங்கும் பழைய நூல்களை முதலில் பதிவு செய்யம்மா, புதியவை காத்திருக்கலாம்” என்று அவர் கூறினால், வரிசை மாறும், அந்நூல்களை மெல்லக் கையாள வேண்டியிருப்பதால் 800 என்னும் எண்ணும் குறையும். திருத்திய பக்கத்தில் இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படியை வைத்துக்கொள்வர்.