8 மாச உழைப்பு... ‘புராஜெக்ட் கேன்சல்’னு டீம்கிட்ட எப்படிச் சொல்றது?

மீட்டிங்ல எல்லாரும் உட்கார்ந்ததும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிடுங்க: “நம்ம புராஜெக்ட்டை நிறுத்திட்டாங்க. இது இறுதி முடிவு.” ‘ஹோல்டுல இருக்கு’ன்னு மழுப்பினா, நாளைக்கும் உட்கார்ந்து பக் ஃபிக்ஸ் பண்ணிட்டிருப்பாங்க, பாவம்.

அடுத்து, உண்மையான காரணம். கிளையன்ட் பட்ஜெட்டை வெட்டிட்டார்னா அதையே சொல்லுங்க. இல்லைன்னா, ‘என் கோடுதான் சொதப்பலோ’ன்னு ஒவ்வொருத்தரும் ராத்திரியெல்லாம் யோசிப்பாங்க.

பெரும்பாலும் முதல்ல வர்ற கேள்வி, ‘என் வேலை இருக்குமா?’ தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலைன்னா ஆறுதலுக்காக வாக்கு கொடுக்காதீங்க. “ஹெச்.ஆர்-கிட்ட பேசிட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்”னு நாள் குறிங்க. அன்னிக்கும் பதில் வரலைன்னா, வரலைங்கிறதையாவது போய்ச் சொல்லணும்.

அந்த வாரமே ஒவ்வொருத்தர்கூடவும் தனியா உட்கார்ந்து, இந்த 8 மாசத்துல அவங்க முடிச்ச வேலைகளை அப்ரைசலுக்காக எழுதி வெச்சிடுங்க. ஆள் ஆளுக்கு வேற டீமுக்குப் போனப்புறம், புது மேனேஜருக்கு அது எதுவும் தெரியாது.